பூங்கா பெரிதாக இருக்க வேண்டுமா, புதர் இருந்தால் போதுமா? குறிப்புரை நூற்பட்டியல் எழுதப் பழகுவோம்

நகரப் பசுமைவெளிகளும் பல்லுயிரும் என்ற தலைப்பில் பருவக் கட்டுரை எழுதச் சொல்லி, அதற்கு முன்னால் பத்து ஆதாரங்களுக்கு 'அனொட்டேட்டட் பிப்ளியோகிராஃபி' கொண்டுவரச் சொல்லியிருப்பார்கள். தமிழில் குறிப்புரை நூற்பட்டியல் என்று சொல்லலாம். ஒவ்வோர் ஆய்வுக் கட்டுரையின் விவரத்தையும் முறைப்படி எழுதி, அதன் கீழே ஒரு பத்தி எழுத வேண்டும். அவர்கள் என்ன செய்தார்கள், என்ன கண்டார்கள், அது எதுவரை செல்லும், என் கேள்விக்கு அது எப்படி உதவும் என்று அந்தப் பத்தி சொல்ல வேண்டும். பெரும்பாலும் 150 சொற்கள் போதும்.

பல வருடங்களாக மாணவர்களின் பட்டியல்களைப் படித்துத் திருத்தி வருகிறேன். பத்துக் கட்டுரைகளைத் தேடிப் பிடிப்பதில் யாரும் பெரிதாகத் தடுமாறுவதில்லை. அந்த 150 சொற்களில்தான் தடுமாறுகிறார்கள். அதனால் இங்கே அதற்குத்தான் அதிக இடம் கொடுக்கிறேன்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

'நகரப் பசுமைவெளிகளும் பல்லுயிரும்' என்பது தலைப்பு, கேள்வி இல்லை. இதை அப்படியே வைத்துக்கொண்டு தேடினால் மரக் கணக்கெடுப்பு, தேனீ, மொட்டை மாடித் தோட்டம், மன நலம், வெப்பத்தீவு எல்லாம் கலந்து வரும். எதை எடுப்பது, எதை விடுவது என்று சொல்ல உங்களிடம் அளவுகோல் இருக்காது.

சென்னையில் இருப்பவர் இரண்டு இடங்களை மனதில் நிறுத்திப் பாருங்கள். கிண்டி தேசியப் பூங்கா ஏறக்குறைய 270 ஹெக்டேர். கதீட்ரல் சாலையில் இருக்கும் செம்மொழிப் பூங்கா 20 ஏக்கர், அதாவது 8 ஹெக்டேர். நம் தெருமுனைப் பூங்காக்கள் பலவும் இதைவிடச் சிறியவை. இனி இன்னொரு கிண்டியை நகருக்குள் உண்டாக்க முடியாது. அப்படியானால் ஒரு கேள்வி தானாகவே எழுகிறது: நகரப் பூங்காவில் எத்தனை வகை உயிர்கள் வாழும் என்பதை அதிகம் தீர்மானிப்பது அதன் பரப்பளவா, அதற்குள் இருக்கும் புதரும் கீழ்த்தளச் செடிகளுமா?

இப்போது அளவுகோல் கிடைத்துவிட்டது. ஒரு கட்டுரை பரப்பளவைப் பற்றியோ தாவர அமைப்பைப் பற்றியோ எதையும் அளக்கவில்லை என்றால் அது எவ்வளவு நல்ல கட்டுரையானாலும் பட்டியலுக்குள் வராது.

தேடுவது

கூகுள் ஸ்காலரில் இப்படித் தொடங்கலாம்:

```
"urban parks" birds ("patch size" OR area) (understory OR understorey)
```

கடைசி அடைப்புக்குறியைக் கவனியுங்கள். கீழ்த்தளச் செடிகளைக் குறிக்கும் சொல்லை அமெரிக்கர்கள் ஒரு விதமாகவும், பிரிட்டன், ஆஸ்திரேலியாக்காரர்கள் இன்னொரு விதமாகவும் எழுதுகிறார்கள். ஒரு எழுத்து விட்டுப்போனால் ஆஸ்திரேலிய ஆய்வுகள் தேடலில் பின்னுக்குப் போய்விடக்கூடும். இந்தத் துறையில் அங்கிருந்து நல்ல வேலை நிறைய வந்திருக்கிறது. OR என்பதைப் பெரிய எழுத்தில்தான் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் சாதாரணச் சொல்லாகிவிடும்.

முதல் பக்கத்திலேயே பத்தையும் பொறுக்கிவிடாதீர்கள். நம் கேள்வியை நேரடியாகத் தொடும் ஒரே ஒரு நல்ல கட்டுரை கிடைத்தால் போதும், அங்கிருந்து இரண்டு பக்கமும் நடக்கலாம். அதன் கடைசியில் இருக்கும் மேற்கோள் பட்டியல் உங்களைப் பின்னோக்கி, பழைய ஆய்வுகளுக்குக் கொண்டு போகும். கூகுள் ஸ்காலரில் அதன் கீழே இருக்கும் `Cited by` என்ற இணைப்பு முன்னோக்கி, அதற்குப் பிறகு வந்தவற்றுக்குக் கொண்டு போகும். முன்னோக்கிப் போவதைத்தான் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஒரு முடிவை யாராவது பின்னால் மறுத்திருக்கிறார்களா என்பது அங்கேதான் தெரியும்.

கட்டுரை பூட்டிக் கிடந்தால் உடனே விட்டுவிட வேண்டாம். ஸ்காலரிலேயே `All versions` என்பதை அழுத்தினால் ஆசிரியர் தன் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றி வைத்த பிரதி சில சமயம் கிடைக்கும். அரசுக் கல்லூரி மாணவர் என்றால், ஆய்வு இதழ்களுக்கு அரசே சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற 2025 ஜனவரியில் தொடங்கிய திட்டத்தில் உங்கள் கல்லூரி இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள்.

படிக்கும்போது நான்கு விஷயம்

கணினிக்குப் பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே செய்தார்கள், எதை எண்ணினார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், என்ன கண்டார்கள். இந்த நான்கையும் உங்கள் சொற்களில் எழுதுங்கள். சுருக்கத்தை மட்டும் படித்தால் முதலும் கடைசியும் கிடைத்துவிடும், நடுவில் உள்ள இரண்டு பெரும்பாலும் கிடைக்காது. கட்டுரையின் பலமும் பலவீனமும் அந்த இரண்டில்தான் இருக்கின்றன. ஆய்வுமுறைப் பகுதியையும் ஒரு முக்கியமான வரைபடத்தையுமாவது பொறுமையாகப் பாருங்கள்.

ஒரு குறிப்புரையை முழுதாக எழுதிப் பார்ப்போம்

நம் கேள்விக்கு முதலில் கையில் சிக்கும் கட்டுரை யோஷா பெனின்டே, மிக்கேல் ஃபைட், ஆக்செல் ஹோக்கிர்ஷ் ஆகிய மூவரும் 2015-இல் 'எக்காலஜி லெட்டர்ஸ்' இதழில் எழுதியது. நகரங்களில் பல்லுயிருக்கு இடம் வேண்டும் என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் தாங்களே போய்ப் பறவைகளை எண்ணவில்லை. உலகெங்கும் 75 நகரங்களில் மற்றவர்கள் செய்த ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். இதற்கு மெட்டா அனாலிசிஸ் என்று பெயர்.

மாணவர்களிடமிருந்து வழக்கமாக வரும் குறிப்புரை இந்த மாதிரி இருக்கும்:

> இக்கட்டுரை நகரப் பல்லுயிரைப் பற்றி விரிவாக ஆராய்கிறது. பசுமைவெளிகளின் தேவையை வலியுறுத்துகிறது. பல பயனுள்ள தகவல்கள் உள்ளன. என் கட்டுரைக்கு மிகவும் உதவும்.

இதைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. மேலே உள்ள கட்டுரைத் தலைப்பை மறைத்துவிட்டு, பட்டியலில் உள்ள வேறொரு கட்டுரையின் தலைப்பை வைத்துப் பாருங்கள். குறிப்புரை அப்போதும் பொருந்தினால் அது எந்தக் கட்டுரையைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை.

இன்னொரு வகைத் தவறு இதைவிடக் கஷ்டமானது, ஏனென்றால் பார்க்க நன்றாக இருக்கும். '50 ஹெக்டேருக்குக் குறைவான பூங்காக்களால் பல்லுயிருக்குப் பயனில்லை என்று பெனின்டே நிறுவுகிறார்' என்று எழுதிவிடுவார்கள். கட்டுரை சொல்வது அதுவல்ல. பரப்பளவு குறைந்தால் தாங்காத இனங்கள் என்று ஒரு வகை உண்டு, அவை வேகமாக மறைந்துபோகாமல் இருக்க 50 ஹெக்டேருக்கு மேற்பட்ட இடங்கள் தேவை என்பதுதான் அவர்கள் கூற்று. எல்லா இனங்களுக்குமான எல்லைக்கோடாக அதை அவர்கள் வைக்கவில்லை.

அதோடு, அதே கட்டுரையில் நம் கேள்வியின் மறுபக்கத்துக்கும் ஆதாரம் இருக்கிறது. பூங்காவின் பரப்பும் பூங்காக்களை இணைக்கும் பசுமை வழிகளும்தான் எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தருகின்றன, தாவர அமைப்பு அவற்றுக்குத் துணை நிற்கிறது என்கிறார்கள். ஆனால் எல்லாக் காரணிகளையும் தொகுதி தொகுதியாகப் பிரித்துப் பார்க்கும்போது, அந்த இடத்திலேயே உள்ள நிலைமை, உயிர்சார்ந்த அம்சங்கள், பராமரிப்பு ஆகியவை சுற்றியுள்ள நிலப்பரப்பைவிட முக்கியம் என்றும் வருகிறது. சுருக்கத்தை அவசரமாகப் படிப்பவர் கண்ணில் 50 என்ற எண் மட்டும் ஒட்டிக்கொள்ளும், இந்த வரி நழுவிவிடும்.

இதையெல்லாம் வைத்து நான் எழுதினால்:

> உலகின் 75 நகரங்களில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்ட மெட்டா அனாலிசிஸ். பறவை மட்டுமின்றிப் பல உயிரினக் குழுக்கள் சேர்க்கப்பட்டுள்ளன. பசுமைத் திட்டின் பரப்பளவும் திட்டுகளுக்கு இடையிலான இணைப்பும் இன எண்ணிக்கையை மிக அதிகமாகக் கூட்டுகின்றன, தாவர அமைப்பு அடுத்து வருகிறது. பரப்பைச் சார்ந்திருக்கும் இனங்களுக்கு 50 ஹெக்டேருக்கு மேற்பட்ட இடங்கள் தேவை என்பது முக்கிய முடிவு. இது எல்லா இனங்களுக்கும் பொருந்தும் வரம்பு அல்ல. வெவ்வேறு முறைகளில் எண்ணப்பட்ட தரவுகளைச் சேர்த்திருப்பதால் ஒரு குறிப்பிட்ட நகரத்தின் பூங்காவுக்கு இந்த எண்ணை நேரடியாகப் பொருத்த முடியாது. என் கட்டுரையில் 'பரப்பளவே முதன்மை' என்ற வாதத்துக்கு இதுவே அடிப்படை. ஆனால் உள்ளூர் நிலைமையும் பராமரிப்பும் முக்கியம் என்ற இதன் இன்னொரு முடிவை மெல்பர்ன் ஆய்வோடு சேர்த்து வாசிப்பேன்.

கடைசி வாக்கியத்தில் இன்னொரு ஆதாரத்தின் பெயர் வருவதைப் பாருங்கள். பட்டியலில் உள்ளவை ஒன்றோடொன்று பேச வேண்டும். பத்துக் குறிப்புரைகளில் ஐந்திலாவது இப்படி ஒரு இணைப்பு இருந்தால், பருவக் கட்டுரையின் எலும்புக்கூடு அங்கேயே தயார்.

மறுபக்கத்துச் சாட்சி

மெல்பர்ன் ஆய்வு என்று சொன்னது காரா த்ரெல்ஃபால் குழுவினர் 2017-இல் 'ஜர்னல் ஆஃப் அப்ளைடு எக்காலஜி' இதழில் எழுதியது. கோல்ஃப் மைதானங்கள், பொதுப் பூங்காக்கள், குடியிருப்புப் பகுதிகள் என்று மூன்று வகை இடங்களில் வௌவால், பறவை, தேனீ, வண்டு, நாவாய்ப்பூச்சி ஆகியவற்றை அவர்களே நேரில் கணக்கெடுத்தார்கள். கீழ்த்தளச் செடிகளின் அளவு 10 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகக் கூடும்போது வௌவால், உள்நாட்டுப் பறவை, வண்டு, நாவாய்ப்பூச்சி ஆகியவற்றின் 'ஆக்யுபன்சி' 30 முதல் 120 சதவீதம் வரை உயர்கிறது என்பது அவர்கள் கணிப்பு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 'புதர் வைத்தால் இனங்களின் எண்ணிக்கை 120 சதவீதம் கூடும்' என்று எழுதுவது தவறு. ஆக்யுபன்சி என்பது ஓர் உயிரினம் ஓர் இடத்தில் இருப்பதற்கான வாய்ப்பு. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு வண்டு பத்து இடங்களில் இரண்டில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பு 0.20. இது 30 சதவீதம் கூடினால் 0.26, 120 சதவீதம் கூடினால் 0.44. பத்தில் இரண்டு இடங்களில் இருந்தது நான்கு இடங்களுக்கு வருகிறது என்று பொருள். அது பெரிய மாற்றம்தான், ஆனால் புதிய இனங்கள் வந்து சேர்ந்ததாக ஆகாது. பெனின்டே பேசுவது பல்லுயிரின் அளவைப் பற்றி, த்ரெல்ஃபால் பேசுவது தனித்தனி உயிரினங்கள் அங்கே இருக்கும் வாய்ப்பைப் பற்றி. இருவரும் நேருக்கு நேர் மோதுகிறார்கள் என்று சொல்வதற்கு முன்னால் இருவரும் அளந்தது ஒன்றல்ல என்பதைக் குறிப்புரையில் எழுதிவிடுங்கள். கூடவே, மெல்பர்ன் மிதவெப்ப நகரம் என்பதையும்.

நம் பக்கத்து ஆதாரம்

இரண்டும் வெளிநாட்டு அனுபவம், நம் ஊருக்குப் பக்கத்தில் ஒன்று வேண்டும் என்று தோன்றும். ஹரிணி நாகேந்திராவும் திவ்யா கோபாலும் 2011-இல் 'அர்பன் எகோசிஸ்டம்ஸ்' இதழில் பெங்களூரு பூங்காக்களின் மரங்களைப் பற்றி எழுதியது நல்ல தேர்வு. அந்தப் பூங்கா மரங்களில் பெரும்பகுதி வெளியிலிருந்து கொண்டுவந்த வகைகள் என்று காட்டுகிறார்கள். இதற்குக் குறிப்புரை எழுதும்போது முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது, அவர்கள் எண்ணியது மரங்களை, பறவைகளையோ புதர்களையோ அல்ல என்பதுதான். பிறகு அது எப்படி உதவும்? இன எண்ணிக்கை என்று வெறுமனே சொன்னால் நட்டு வைத்த வெளிநாட்டு மரங்களும் அதில் சேர்ந்துவிடும், ஆகவே எண்ணிக்கை அதிகம் என்பதாலேயே உள்நாட்டு உயிர்களுக்கு நல்ல இடம் என்று ஆகிவிடாது என்ற எச்சரிக்கைக்கு உதவும். ஒரு ஆதாரம் உங்கள் வாதத்தைத் தாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. அளவுகோலைத் திருத்தித் தந்தாலும் அதற்கு இடம் உண்டு.

வெட்டி எடுக்க வேண்டியவை

இந்தத் தலைப்பில் எழுதும் பலருடைய பட்டியலில் ஷெஃபீல்டு நகரத்து ஆய்வுகள் இரண்டு இருக்கும். பூங்காவில் இனங்கள் அதிகமாக இருந்தால் அங்கே வருபவர்களின் மன நலன் கூடுகிறது என்று ஃபுல்லர் குழு 2007-இல் 'பயாலஜி லெட்டர்ஸ்' இதழில் எழுதியது. டாலிமர் குழு 2012-இல் 'பயோசயன்ஸ்' இதழில், உண்மையில் இருக்கும் இன எண்ணிக்கைக்கும் மன நலனுக்கும் சீரான தொடர்பு இல்லை, அதிகம் இருப்பதாக மக்கள் நினைப்பதற்குத்தான் தொடர்பு என்று எழுதியது. ஒரே நகரம், ஐந்து வருட இடைவெளி, வேறு முடிவு. படிக்கப் படிக்க ஆர்வம் கூட்டும் ஜோடி. ஆனால் நம் கேள்வி பரப்பளவும் புதரும் பற்றியது, மன நலன் பற்றியது அல்ல. இரண்டையும் எடுத்துவிட வேண்டியதுதான். மனமில்லாமல்தான் எடுக்க வேண்டியிருக்கும். உங்கள் கேள்வி மன நலனைப் பற்றியது என்றால் நிலைமை வேறு: அப்போது முதல் கட்டுரையை மட்டும் வைத்துவிட்டு இரண்டாவதை விடுவது பெரிய குறை.

அப்புறம், ஒரு நகரவாசிக்கு 9 சதுர மீட்டர் பசுமைவெளி தேவை என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னதாக எண்ணற்ற கட்டுரைகளில் வரும். இதைப் பட்டியலில் சேர்க்க ஆசைப்பட்டால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள். ஒரு கட்டுரை இன்னொன்றைக் காட்டும், அது வேறொன்றைக் காட்டும். நிறுவனத்தின் ஆவணமே கையில் வராத வரைக்கும் அதன் பெயரில் அந்த எண்ணை எழுதக் கூடாது. எளிதாகக் கையில் கிடைக்கும் ஆவணங்கள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் வெளியிட்ட பசுமைவெளிக் கையேடு வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் 0.5 முதல் 1 ஹெக்டேர் பசுமைவெளி இருக்க வேண்டும் என்கிறது. இந்திய அரசின் 2014 நகரத் திட்ட வழிகாட்டுதல் தலைக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி என்கிறது. ஆனால் இவை மனிதர்களின் வசதிக்கான அளவுகள். பறவைக்கு எவ்வளவு வேண்டும் என்று இவை சொல்லவில்லை. அரை ஹெக்டேரையும் 50 ஹெக்டேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், ஒரே பூங்காவிடம் இரண்டு வேறு வேலைகளைக் கேட்கிறோம் என்பது பருவக் கட்டுரையின் முன்னுரையிலேயே விளங்கிவிடும்.

இ-பேர்டை ஆதாரமாகச் சேர்க்கலாமா?

பறவை பார்க்கிறவர்கள் தாங்கள் கண்ட பறவைகளைப் பட்டியலிட்டுப் பதிவேற்றும் இணையத்தளம் இது. சேர்க்கலாம், தரவு என்ற வகையில். ஆனால் அந்தத் தளத்தில் கிண்டிக்கான பக்கம் காட்டும் இன எண்ணிக்கையையும் ஒரு சின்னப் பூங்காவின் எண்ணிக்கையையும் எடுத்து, பார்த்தீர்களா பரப்பளவுதான் காரணம் என்று சொல்ல முடியாது. பெரிய இடத்துக்குப் பறவை பார்க்கிறவர்கள் அதிகம் போகிறார்கள், அதிக நேரம் இருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான பட்டியல்கள் பதிவான இடத்தில், பத்தே பட்டியல்கள் பதிவான இடத்தைவிட அதிக இனங்கள் தெரிவது இயல்பு. இரண்டு இடத்திலும் ஒரே எண்ணிக்கையில் முழுமையான பட்டியல்களை, ஒரே மாதங்களிலிருந்து எடுத்துத்தான் ஒப்பிட வேண்டும். குறிப்புரையில் எந்தத் தேதியில் பதிவிறக்கினீர்கள், எத்தனை பட்டியல்கள் என்று கட்டாயம் எழுதுங்கள். அந்த எண்கள் வாரத்துக்கு வாரம் மாறும்.

வரிசையும் கடைசிச் சரிபார்ப்பும்

ஆசிரியர் வேறு மாதிரி சொல்லாவிட்டால் முதல் ஆசிரியரின் குடும்பப் பெயர்ப்படி அகரவரிசையில் வையுங்கள். ஏபிஏ என்ற மேற்கோள் முறையில் விவர வரியின் முதல் வரி இடது ஓரத்தில் தொடங்கும், அடுத்த வரிகள் அரை அங்குலம் உள்ளே தள்ளி வரும், குறிப்புரைப் பத்தி முழுதும் அதே அரை அங்குலம் உள்ளே இருக்கும். ஆதாரங்களைச் சேமித்து வைக்கும் மென்பொருளான சொடேரோவில் சேமித்திருந்தால் விவர வரிகளை அதுவே எழுதிக் கொடுக்கும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். கட்டுரைத் தலைப்பில் பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறுவதும், ஆசிரியர் பெயரில் முன்னெழுத்து தவறுவதும் சாதாரணம். இந்தியப் பெயர்களில் எது குடும்பப் பெயர் என்று மென்பொருள் அடிக்கடி குழம்பும்.

ஒப்படைப்பதற்கு முந்தைய நாள் ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிலையான அடையாளமான டிஓஐ எண்ணையும் உலாவியில் `https://doi.org/` என்பதற்குப் பின்னால் ஒட்டித் திறந்து பாருங்கள். நீங்கள் எழுதியிருக்கும் தலைப்பு, ஆண்டு, இதழ் மூன்றும் திறக்கும் பக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். வேறொரு கட்டுரையின் மேற்கோள் பட்டியலிலிருந்து நகலெடுத்த விவரமாக இருந்தால், ஆண்டில் ஒன்று கூடியோ குறைந்தோ இருப்பது பெரும்பாலும் இந்தச் சோதனையில்தான் பிடிபடும்: இணையத்தில் முதலில் வெளியான ஆண்டும் இதழில் அச்சான ஆண்டும் வேறாக இருக்கும். அச்சான ஆண்டை எழுதுங்கள்.